வாய்க்காலுக்காக ஒரு வேண்டுகோள்

நுழையும்முன்

ஊர் கூடும் அவையில் பேசுவது ஒரு கலை மட்டுமன்று, பொறுப்பும் ஆகும். மழைநீர் வடியாமல் தெருக்களில் தேங்கும்போது எழும் சினம் இயல்பானது. அந்தச் சினம் அளவாகவும் கணக்காகவும் தீர்மானமாகவும் மாறினால்தான் வாய்க்கால் சீராகும். மதுரைக்கு அருகிலுள்ள சமயநல்லூரைக் களமாகக் கொண்டு, கிராமசபையில் இத்தகைய உரை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்மாயும் மறுகாலும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், வைகையின் வடகரைப் பகுதியில் அமைந்த ஊர் சமயநல்லூர். இந்தச் சமவெளியின் நீரமைப்பைப் புரிந்துகொள்ளக் கண்மாய்களின் ஒழுங்கை முதலில் அறிய வேண்டும். பெய்த மழையும் ஆற்றிலிருந்து பிரியும் நீரும் வரத்துக்கால் வழியாகக் கண்மாயை அடைகின்றன. மடைகளின் வழியே வயலுக்கு நீர் செல்கிறது. கண்மாய் நிரம்பியதும் மிகுதியான நீர் கலிங்கின் மேல் வழிந்து மறுகாலில் இறங்குகிறது. மறுகால் அடுத்த கண்மாய்க்கு வரத்துக்காலாகிறது. இறுதிக் கண்மாயின் மறுகால் ஆற்றில் சேர்கிறது. இவ்வாறு ஒரு கண்மாயின் கழிவு மற்றொரு கண்மாயின் வரவாகிறது.

வயல்கள் மனைகளாக மாறியபோது மடைகள் பயனற்றுப் போயின. ஆனால், மறுகாலின் வேலை குறையவில்லை, கூடியது. மண் உறிஞ்சிய நீரையும் இப்போது கூரைகளும் தார்ச்சாலைகளும் மறுகாலுக்கே தள்ளிவிடுகின்றன. வேலை கூடிய அதே காலத்தில்தான் வாய்க்காலின் அகலம் சுருங்கியது. ஊர்களில் நீர் தேங்குவதற்கான அடிப்படைக் காரணம் இந்த முரண்பாடே ஆகும்.

செல்லூர் கற்றுத்தந்த பாடம்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் மதுரை மாநகரின் வடபகுதியில் 9.8 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதில் 4.5 சென்டிமீட்டர் மழை, பிற்பகல் மூன்று மணியிலிருந்து பதினைந்து நிமிடங்களுக்குள் பெய்ததாக அரசு தெரிவித்தது. செல்லூர்ப் பகுதியின் குடியிருப்புகளில் நீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் உபரிநீரை வைகைக்குக் கொண்டுசெல்வது பந்தல்குடி வாய்க்கால். அதன் கொள்ளளவை மீறி நீர் வந்தபோது, தாழ்வான தெருக்களே அதற்கு வாய்க்காலாயின.

இதனைத் தொடர்ந்து, செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகை ஆறு வரை 290 மீட்டர் நீளத்திற்குச் சிமென்ட் கால்வாய் அமைக்க 11.9 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று அரசு அறிவித்தது. இங்குக் கவனிக்க வேண்டியது தொகையின் அளவு மட்டுமன்று. தீர்வு எந்த இடத்தில் தேடப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. நீர் புகுந்தது தெருவில். தீர்வு தேடப்பட்டதோ கண்மாய்க்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட போக்கில். தெருவில் தேங்கும் நீரைத் தெருவில் மட்டும் நின்று பார்த்தால் காரணம் விளங்காது. அந்த நீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று வாய்க்காலின் கடைமுனை வரை நடந்து பார்த்தால்தான் விளங்கும்.

சமயநல்லூர் போன்ற ஊர்களுக்குச் செல்லூர் ஓர் எச்சரிக்கை. வயல்களுக்கு நடுவே இன்னும் வாய்க்கால்கள் திறந்திருக்கும் காலத்திலேயே அவற்றைச் சீர்செய்வது எளிது. இருபுறமும் சுவர்கள் எழுந்தபின் ஒவ்வொரு மீட்டரையும் பெருஞ்செலவில் மீட்க வேண்டியிருக்கும்.

பேசுவதற்கு முன்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபையின் உறுப்பினர். பதினெட்டு வயது நிறைந்து பட்டியலில் பெயர் சேர்ந்த மாணவருக்கும் அங்கே பேசும் உரிமை உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாய்க்காலுக்காகப் பேச நினைப்பவர் இவற்றுள் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே அறிவு வெளிப்படும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரின் பிற்பாதியில் தொடங்குவது வழக்கம். மதிப்பீடு தயாரித்தல், ஒப்புதல் பெறுதல், ஒப்பந்தம் விடுதல் ஆகியவற்றுக்குப் பின்னரே மண்வெட்டி மண்ணைத் தொடும். எனவே, அக்டோபர் 2இல் எழும் கோரிக்கை பெரும்பாலும் அடுத்த ஆண்டின் மழைக்கே உதவும். மே 1ஆம் நாளே அதற்கு ஏற்ற நாள். ஆகஸ்ட் 15 கடைசி வாய்ப்பு.

பேசுபவர் அதற்கு முன் மூன்று செய்திகளைத் திரட்டியிருக்க வேண்டும். முதலாவது, வாய்க்கால் யாருடைய பொறுப்பில் உள்ளது என்பது. நாற்பது எக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. தெருவோர வடிகால் ஊராட்சியைச் சேர்ந்தது. நெடுஞ்சாலையையோ இருப்புப்பாதையையோ கடக்கும் சிறுபாலம் அந்தந்தத் துறையைச் சேர்ந்தது. ஒரே வாய்க்கால் ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று துறைகளின் எல்லைகளைக் கடக்கக்கூடும். தவறான துறைக்கு அனுப்பிய மனு, சரியான துறையை வந்தடைவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும்.

இரண்டாவது, வாய்க்காலின் பழைய அளவு. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில், அது வாய்க்கால் புறம்போக்கு எனப் பதிவாகியுள்ளதா என்று பார்க்கலாம். புலப்படத்தில் அதன் அகலம் தெரியும். இன்றைய அகலத்தை அளவு நாடாவால் அளந்து, அதனுடன் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, அடைப்பு எங்கே உள்ளது என்பது. மழை பெய்துகொண்டிருக்கும் வேளையில் சிறுபாலத்தின் இருபுறமும் பார்த்தால் இது தெரிந்துவிடும். பாலத்தின் மேற்புறம் நீர் ததும்பி நிற்க, கீழ்ப்புறம் தாழ்ந்து ஓடினால் அடைப்பு பாலத்தின் கண்ணில் உள்ளது. இருபுறமும் ஒரே உயரத்தில் நீர் நின்றால் அடைப்பு இன்னும் கீழே உள்ளது. கோடையில் மழையே இல்லாத நாளிலும் ஓரிடத்தில் கருநிற நீர் தேங்கியிருந்தால், அங்கே வாய்க்காலின் தரை பள்ளமாகிவிட்டது என்பதும் வீட்டுக் கழிவுநீர் அதில் விடப்படுகிறது என்பதும் புலப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு உரை

இச்செய்திகளைத் திரட்டிய ஒருவர், சமயநல்லூர் போன்ற ஓர் ஊரின் கிராமசபையில் மே முதல் நாள் பேசுவதாகக் கொள்வோம். உரையில் வரும் வாய்க்கால் அளவுகள் கணக்கை விளக்கும்பொருட்டு எடுத்துக்கொள்ளப்பட்டவை. அவரவர் ஊருக்கு ஏற்ப அவை மாறும்.

“மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, ஒன்றியத்திலிருந்து வந்திருக்கும் அலுவலர் அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

“நம் ஊரின் தாழ்வான மூன்று தெருக்களில் சென்ற மழைக்காலத்தில் முழங்கால் அளவுக்கு நீர் நின்றதை அனைவரும் அறிவீர்கள். இரவெல்லாம் விழித்திருந்து மோட்டார் வைத்து நீரை இறைத்த ஊராட்சிப் பணியாளர்களுக்கு முதலில் நன்றி கூறுகிறேன். அவர்கள் மீண்டும் அவ்வாறு விழித்திருக்க நேரக்கூடாது என்பதற்காகவே இன்று பேசுகிறேன்.

“கலிங்கிலிருந்து கீழே செல்லும் நம் மறுகால், பதிவேட்டின்படி மூன்று மீட்டர் அகலமுடையது, ஆழம் ஒரு மீட்டர். தூய்மையாக இருந்தால் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நீர் ஓடும். அதாவது, நொடிக்கு மூன்று கனமீட்டர் நீரை அது கொண்டுசெல்லும். இப்போது நாங்கள் அளந்தபோது அகலம் இரண்டு மீட்டர்தான் இருந்தது. வண்டல் போக எஞ்சிய ஆழம் அறுபது சென்டிமீட்டர். கோரையும் ஆகாயத்தாமரையும் நெகிழியும் மறிப்பதால் வேகம் பாதியாகிவிட்டது. இரண்டை 0.6ஆல் பெருக்கி, அதைப் பாதியாக்கினால் 0.6 கனமீட்டர். மூன்று இருந்த இடத்தில் 0.6! ஐந்தில் ஒரு பங்கு வாய்க்காலை வைத்துக்கொண்டு முழு மழையையும் எதிர்கொள்கிறோம்.

“செல்லூரில் பெய்தது போல் இங்கும் கால் மணி நேரத்தில் 4.5 சென்டிமீட்டர் மழை பெய்தால் என்னவாகும்? இந்த மறுகாலுக்கு நீர் அனுப்பும் குடியிருப்புப் பகுதி பத்து எக்டேர் என்று கொள்வோம். அங்கே 4,500 கனமீட்டர் மழை விழும். பாதி மண்ணில் இறங்கிவிட்டாலும் 2,250 கனமீட்டர் வாய்க்காலுக்கு வரும். நல்ல நிலையிலிருந்த வாய்க்கால், அந்தக் கால் மணி நேரத்தில் 2,700 கனமீட்டரைக் கடத்தியிருக்கும். அன்று தெருவுக்கு நீர் வந்திராது. இன்றைய வாய்க்கால் கடத்துவது 540 கனமீட்டர். எஞ்சிய 1,710 கனமீட்டர் எங்கே போகும்? பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் நூற்று நாற்பதைத் தாழ்ந்த தெருக்களில் திறந்துவிட்டதற்கு அது சமம். மழை மிகுதி என்று சொல்லி நாம் அமைதியடைய முடியாது. அதே மழையை நம் பழைய வாய்க்கால் தாங்கியிருக்கும்.

“ஆகவே, இச்சபையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, நில அளவரைக் கொண்டு மறுகாலின் இருகரைகளையும் அளந்து எல்லைக்கற்கள் நட வேண்டும். யார் வீடு, யார் சுவர் என்று நாம் பேச வேண்டா, கல் பேசட்டும். இரண்டு, தூர்வாரும் பணியைக் கடைமுனையில் தொடங்கி மேல்நோக்கி நடத்த வேண்டும். மூன்று, எடுத்த வண்டலைக் கரையிலேயே குவிக்காமல் உடனுக்குடன் அகற்ற வேண்டும். நான்கு, சாலையின் அடியிலுள்ள சிறுபாலத்தின் கண்களைத் திறந்துவிட, உரிய துறைக்கு இன்றைய தீர்மானத்தின் நகலை அனுப்ப வேண்டும்.

“இன்னொன்றையும் தயக்கத்துடன் சொல்கிறேன். நம் வீடுகள் சிலவற்றின் கழிவுநீர்க் குழாய்கள் இந்த வாய்க்காலில்தான் திறக்கின்றன. குப்பையும் நம் கைகளிலிருந்தே விழுகிறது. ஊராட்சி தன் கடமையைச் செய்யும் நாளில் நாமும் நம் குழாய்களைத் திருப்பிக்கொள்வோம் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதும்படி வேண்டுகிறேன்.

“பணிகள் எந்த நாளில் தொடங்கும், செப்டம்பர் இறுதிக்குள் முடியுமா என்பதைத் தலைவர் அவர்கள் இந்த அவையிலேயே கூற வேண்டும் என்று பணிவுடன் கேட்டு அமைகிறேன், நன்றி.”

கடைமுனை ஏன் முதலில்?

உரையில் வந்த இரண்டாவது வேண்டுகோள் சிலருக்கு வியப்பளிக்கலாம். நீர் தேங்கும் தெருவின் அருகே முதலில் தூர்வாருவதே இயல்பாகத் தோன்றும். மக்களின் கோரிக்கையும் அவ்வாறே எழும். அதைச் செய்வதால் உடனடிப் பாராட்டும் கிடைக்கும். ஆனால், கீழ்ப்பகுதி அடைபட்டிருக்க மேற்பகுதியை மட்டும் ஆழப்படுத்தினால், அந்த இடம் நீர் வெளியேற முடியாத குழியாகிவிடும். அங்கிருந்து விரைந்து ஓடிவரும் நீர், அடைபட்ட பகுதியை எட்டியதும் அங்குள்ள தெருக்களில் ஏறும். ஒரு தெருவின் துன்பம் அடுத்த தெருவுக்கு இடம் மாறுமே தவிர, தீராது. கடைமுனையிலிருந்து மேல்நோக்கி வந்தால், ஒவ்வொரு நாளும் வெட்டிய நீளம் அன்றே பயன் தரும். இடையில் பணி நின்றுவிட்டாலும் அதுவரை செய்தது வீணாகாது.

ஆழத்திற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய தரைமட்டத்திற்குக் கீழே தோண்டினால் கூடுதல் நீர் ஓடிவிடாது. அங்கே குட்டை உண்டாகிக் கொசு பெருகும். கரைச்சுவரின் அடித்தளமும் வலுவிழக்கும். கரையில் குவித்த வண்டலோ முதல் மழையிலேயே வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். தூர்வாரியதாகக் கணக்கு எழுதப்பட்ட வாய்க்கால்கள் மறு ஆண்டே அடைபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூர்வாருதலால் தீராத நிலையும் உண்டு. வைகையில் வெள்ளம் உயர்ந்து வாய்க்காலின் வாயை மூடும்போது, எத்துணைத் தூய்மையான வாய்க்காலிலும் நீர் பின்னோக்கி ஏறும். அதற்கு அடைப்பலகையும் நீரிறைக்கும் பொறியும் தேவைப்படும். எந்தத் துன்பத்திற்கு எந்தத் தீர்வு என்று பிரித்தறிந்து கேட்பவரின் சொல்லுக்கே அவையில் மதிப்பு உண்டாகும்.

உறுதியும் பணிவும்

மேற்கண்ட உரை எவரையும் பழிக்கவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது என்ற கணக்கு, எந்தக் கடுஞ்சொல்லையும் விட அழுத்தமானது. “நீங்கள் ஒன்றும் செய்யவில்லை” என்று குற்றம் சாட்டினால் எதிரில் இருப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளவே முற்படுவார். “அகலம் இரண்டு மீட்டர் உள்ளது, பதிவேட்டில் மூன்று மீட்டர் உள்ளது” என்று கூறினால், அவர் அந்த வேறுபாட்டுக்கு விடை கூறியாக வேண்டும். பணிவு என்பது கோரிக்கையைத் தளர்த்துவதன்று. மறுக்க இடமில்லாதபடி அதனை முன்வைப்பதாகும்.

ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசுமிடத்தில் இப்பணிவு மேலும் தேவைப்படுகிறது. வாய்க்கால் கரையில் குடிசையிட்டவர் பலர் வேறு இடமில்லாத ஏழைகள். அகலமான மதிலைக் கட்டி வாய்க்காலைச் சுருக்கியவரும் உண்டு. இருவரையும் ஒரே சொல்லால் குறிப்பது அறமாகாது. அளந்து எல்லை காண்பதும், வீடிழக்க நேரும் ஏழைக்கு மாற்றிடம் கேட்பதும் ஒரே தீர்மானத்தில் இடம்பெறலாம். அவ்வாறு இடம்பெறும்போதுதான் அத்தீர்மானம் ஊர் முழுவதற்கும் உரியதாகும்.

நிதி இல்லை என்பது வழக்கமாக வரும் மறுமொழி. அதற்கும் உரையின் அமைப்பிலேயே விடை உள்ளது. எல்லை அளத்தலும் நகல் அனுப்புதலும் பெருஞ்செலவின்றி நடப்பவை. குழாயைத் திருப்புவது வீட்டார் பொறுப்பு. தூர்வாருதலுக்கு மட்டுமே பெருந்தொகை தேவை. ‘வாய்க்காலைச் சரிசெய்க’ என்ற ஒற்றைக் கோரிக்கையை எளிதில் தள்ளிவைக்கலாம். நான்காகப் பிரித்த கோரிக்கையை முழுமையாகத் தள்ளிவைக்க இயலாது.

கூட்டம் முடிந்த பின்

அவையில் எழுந்த கைதட்டல், தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. பேசிய பின் அமர்ந்துவிடாமல், தம் கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டதா, வாய்க்காலின் பெயரும் புல எண்ணும் நீளமும் அதில் உள்ளனவா என்று பார்த்த பின்பே கையொப்பமிட வேண்டும். ‘வடிகால்களைச் சீரமைக்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற பொதுவான வரி எந்த வாய்க்காலையும் குறிக்காது. எனவே, எந்த அலுவலரையும் அது செயற்படுத்தாது. ‘கலிங்கு முதல் ஆற்று முகம் வரை’ என்று எழுதப்பட்ட வரியோ, முடியாத பணியை அடுத்த கூட்டத்தில் சுட்டிக்காட்டத் துணைசெய்யும்.

அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 15ஆம் நாள். மே மாதத்தில் பேசியவர் அன்று மீண்டும் எழுந்து, அதே அளவு நாடாவால் அளந்த புதிய அளவுகளை அவையில் படிக்க வேண்டும். இரண்டு மீட்டர் மூன்றாகியிருந்தால் நன்றி கூறலாம். ஆகவில்லையெனில், மே மாதத் தீர்மானத்தின் எண்ணைக் கூறி, அதே பணிவோடு அதே வினாவைக் கேட்க வேண்டும். மழை வருவதற்கு அன்றிலிருந்து இரண்டு மாதங்களே இருக்கும்.